கோட்டின் மேல் நகர்வா, கோடே நகர்கிறதா?

பொருளியல் வினாத்தாள்களில் ஆண்டுதோறும் ஏதாவதொரு வடிவத்தில் தலைகாட்டும் கேள்வி இது. பிரேசிலில் உறைபனி தாக்கிக் காப்பி விளைச்சல் குறைந்துவிட்டது. காப்பிச் சந்தையில் என்ன நடக்கும்? விடைகள் நான்கு. (அ) காப்பியின் தேவை குறையும். (ஆ) காப்பியின் அளிப்பு குறையும், தேவை அளவு குறையும். (இ) அளிப்பு, தேவை இரண்டும் குறையும். (ஈ) விலை ஏறும், அதனால் தேவை குறையும், அதனால் விலை பழைய இடத்துக்கே இறங்கிவிடும்.

சரியான விடை (ஆ). ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட (அ)வையோ (இ)யையோ தொட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக யோசிப்பவர்கள் (ஈ)யில் விழுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் காதுக்கு நியாயமாகவே படும்: விலை ஏறினால் ஜனங்கள் குறைவாகத்தானே வாங்குவார்கள், அப்படியென்றால் தேவை குறைந்ததாகத்தானே அர்த்தம்? அன்றாடப் பேச்சில் அது சரி. பாடத்தில் அது தவறு. இந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்த வகைக் கேள்வி பிறகு பயமுறுத்தாது.

தேவை என்று பொருளியலில் சொல்லும்போது அது ஒற்றை எண் அல்ல. ஒரு முழுப் பட்டியல். ஒரு தெருவில் ஒரே ஒரு காப்பித்தூள் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ 400 ரூபாய் என்றால் அந்தத் தெருவாசிகள் மாதம் 60 கிலோ வாங்குவார்கள். 500 ரூபாய் என்றால் 50 கிலோ. 600 ரூபாய் என்றால் 40 கிலோ. கணக்குக்காக நான் வைத்த எண்கள்தான் இவை. இந்த மூன்று வரிகளும் சேர்ந்ததுதான் தேவை. அதில் ஏதாவது ஒரு வரியில், குறிப்பிட்ட ஒரு விலைக்கு நேரே நிற்கும் கிலோக் கணக்கு, தேவை அளவு. பட்டியலைப் படமாக வரைந்தால் தேவைக் கோடு கிடைக்கிறது. தேவை அளவு அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி. இலங்கைப் பாடநூல்களில் இவையே கேள்வி, கேள்வித்தொகை.

இப்போது விலை 400-லிருந்து 600 ஆகிறது. விற்பனை 60 கிலோவிலிருந்து 40 கிலோவுக்கு இறங்குகிறது. பட்டியலில் என்ன மாறியது? ஒரு எழுத்துகூட மாறவில்லை. 600 ரூபாய்க்கு 40 கிலோ என்பது அதில் முன்பே எழுதியிருந்தது. முதல் வரியில் இருந்த நாம் மூன்றாம் வரிக்கு வந்துவிட்டோம், அவ்வளவுதான். இதுதான் கோட்டின் மேல் நகர்வு. நம் வழிகாட்டி நூல்கள் இதைத் தேவையின் விரிவு, சுருக்கம் என்று எழுதும். பட்டியலே மாறி, அதே 400 ரூபாய்க்கு 60 கிலோவுக்குப் பதில் 75 கிலோவோ 45 கிலோவோ வாங்குகிறார்கள் என்றால் அதுதான் கோடே இடம்பெயர்வது. அதற்குத் தேவை அதிகரிப்பு, தேவை குறைவு என்று பெயர். சுருக்கம் வேறு, குறைவு வேறு. வினாத்தாள் தயாரிப்பவர் இந்த இரண்டு சொற்களையும் பக்கத்துப் பக்கத்து விடைகளாக வைப்பது வழக்கம்.

ஒரு பொருளின் சொந்த விலை மாறினால் அதன் தேவைக் கோடு ஏன் நகர்வதில்லை? படத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். விலை ஏற்கெனவே அந்தப் படத்தின் செங்குத்து அச்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட தம் நூலில் விலையைச் செங்குத்து அச்சிலும் அளவைக் கிடை அச்சிலும் வைத்தார். இன்றும் உலகம் முழுக்க அப்படியேதான் வரைகிறோம். அச்சில் இருக்கிற ஒன்று மாறினால் கோட்டின் மேல் இடம் மாறும். வருமானம், ரசனை, மக்கள்தொகை, மற்றப் பொருள்களின் விலை, நாளைய விலை பற்றிய எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கு அந்தப் படத்தில் அச்சு கிடையாது. பிற யாவும் மாறாதிருப்பின் என்ற ஒற்றை நிபந்தனைக்குள் அவற்றை அடைத்து வைத்துத்தான் கோட்டையே வரைந்தோம். அடைத்து வைத்தவற்றில் ஒன்று மாறினால் பழைய கோடு செல்லாது, புதிதாக வரைய வேண்டும்.

மனப்பாடம் செய்ய விரும்பாதவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. வாங்குபவரிடம் பழைய விலையை மறுபடி சொல்லிப் பாருங்கள். 'காப்பித்தூள் திரும்பவும் 400 ரூபாய்க்கே வந்துவிட்டது, எவ்வளவு வேண்டும்?' என்று கேட்கிறோம். 'எப்போதும் வாங்குகிற அளவு கொடுங்க' என்று பதில் வந்தால் கோடு அசையவில்லை. 'வேண்டாங்க, நாங்க டீக்கு மாறிட்டோம்' என்றோ, 'இன்னும் ஒரு கிலோ சேர்த்துப் போடுங்க' என்றோ வந்தால் கோடு நகர்ந்திருக்கிறது. வினாவில் எத்தனை சுற்றிவளைப்பு இருந்தாலும் இந்தச் சோதனை நிற்கும்.

பிரேசில் உறைபனி வினாத்தாள்காரரின் கற்பனை அல்ல. 1975 ஜூலை 17, 18 தேதிகளில் பிரேசிலின் தெற்கே பரானா மாநிலத்தில் கடும் உறைபனி இறங்கியது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம். அன்று உலகின் மிகப் பெரிய காப்பி உற்பத்தி நாட்டின் முக்கியக் காப்பிப் பகுதி அதுதான். அங்கிருந்த செடிகளில் பெரும்பகுதி கருகிப்போனது. புதிதாக நடும் காப்பிச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அடுத்த பருவத்தில் பிரேசிலின் விளைச்சல் முந்தைய அளவில் பாதிகூட இல்லை. பனிக்கு முன்பு நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு காப்பிக்கொட்டை 1 டாலருக்கும் கீழே விற்றது. 1977 ஏப்ரலில் 3 டாலரைத் தாண்டிவிட்டது.

முதலில் 1976-77 காலத்தை எடுத்துக்கொள்வோம். கையில் இருக்கும் காப்பி குறைந்துவிட்டது, எந்த விலையானாலும் சந்தைக்கு வருவது முன்பைவிடக் குறைவு. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது. காப்பி குடிப்பவரின் ரசனையையோ வருமானத்தையோ உறைபனி தொடவில்லை. ஆகவே தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விலை ஏறுகிறது, அந்தக் கோட்டின் மேலேயே மேல்நோக்கி நகர்ந்து குறைந்த அளவில் போய் நிற்கிறோம். விடை (ஆ).

(இ)யைத் தேர்ந்தெடுப்பவர் தம் விடையைத் தாமே சரிபார்க்க வழி இருக்கிறது. அளிப்புக் கோடு இடப்பக்கம் போனது, தேவைக் கோடும் இடப்பக்கம் போனது என்றே வரைந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்தால் புதிய வெட்டுப்புள்ளி பழைய விலையிலேயே விழும். அப்படியானால் விலையே ஏறவில்லை. விலை ஏறியதால்தான் தேவை குறைந்தது என்றீர்களே, அந்தக் காரணம் எங்கே போனது? சொன்ன காரணத்தை வரைந்த படமே அழித்துவிடுகிறது. (ஈ)யின் கோளாறும் இதுவே. விலை ஏறி, தேவை குறைந்து, விலை இறங்கி, தேவை கூடி என்று முடிவில்லாமல் சுற்றுகிற வாதம் அது. தேவை அளவு குறைவதைத் தேவை குறைவதாக எடுத்துக்கொண்ட இடத்தில்தான் அந்தச் சுற்று தொடங்குகிறது. வெட்டுப்புள்ளி ஒருமுறை இடம் மாறினால் அங்கேயே நிற்கும். அது திரும்பி வர வேறொரு காரணம் வேண்டும்.

இனி அதே வினாவின் அடுத்த வரி: தேயிலைச் சந்தையில் என்ன நடக்கும்? இந்த வரியைப் பற்றி அக்கறையோடு பேச நமக்குக் காரணம் உண்டு. காப்பி விலை உச்சத்துக்குப் போன 1977-ல் உலகச் சந்தையில் தேயிலை விலையும் மளமளவென ஏறியது. காப்பியை விட்டுத் தேநீருக்கு மாறியவர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உள்நாட்டில் விலை கைமீறாமல் இருக்க இந்திய அரசு அந்த ஆண்டு தேயிலை ஏற்றுமதிக்குத் தீர்வை விதித்தது. நீலகிரித் தோட்டங்களும் இலங்கை மலையகத் தோட்டங்களும் பறித்த இலைக்கு, பரானாவில் விழுந்த பனி விலை கூட்டிக் கொடுத்தது.

நம் தெருவுக்கு வருவோம். காப்பி விலை ஏறுமுன் தேயிலைத்தூளின் பட்டியல் இப்படி: 300 ரூபாய்க்கு 80 கிலோ, 400 ரூபாய்க்கு 70 கிலோ. கடையில் 300 ரூபாய்க்கு 80 கிலோ விற்றுக்கொண்டிருந்தது. காப்பி விலை ஏறியதும் சில வீடுகள் காலையில் மட்டும் காப்பி, மாலையில் தேநீர் என்று மாறிவிட்டன. இப்போது பட்டியலே வேறு: 300 ரூபாய்க்கு 95 கிலோ, 400 ரூபாய்க்கு 85 கிலோ. ஒவ்வொரு விலைக்கும் 15 கிலோ கூடுதல். தேயிலையின் தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. பழைய விலைச் சோதனையைச் செய்து பாருங்கள். தேயிலை அதே 300 ரூபாய்தான் என்று சொன்னாலும் பதில் மாறியிருக்கிறது. காப்பி விலை என்பது காப்பிப் படத்தில் அச்சு. தேயிலைப் படத்தில் அதற்கு அச்சு இல்லை. ஒரே விலையேற்றம், ஒரு படத்தில் நகர்வு, மற்றொரு படத்தில் இடப்பெயர்வு. வினாவைப் படித்ததும் 'எந்தப் பொருளின் சந்தையைக் கேட்கிறார்கள்?' என்பதை முதலில் அடிக்கோடிட வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் கதை 95 கிலோவில் நிற்காது. அத்தனை தேயிலை 300 ரூபாய்க்குக் கிடைக்காது. விலை 400-க்கு ஏறுகிறது. அந்த விலையில் தோட்டங்களும் கொஞ்சம் கூடுதலாக அனுப்ப, 85 கிலோவில் சந்தை அமைகிறது. 80-லிருந்து 85 என்கிற இந்த மாற்றத்துக்குள் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. கோடு நகர்ந்ததால் 80 என்பது 95 ஆனது. பிறகு தேயிலையின் சொந்த விலை ஏறியதால் அந்தப் புதிய கோட்டின் மேலேயே 95 என்பது 85 ஆனது. இடப்பெயர்வும் நகர்வும் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வரலாம். 'தேயிலை விலையும் ஏறியது, விற்பனையும் ஏறியது, ஆகவே தேவை விதி பொய்த்தது' என்று ஒரு கூற்றைக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டால் தவறு என்று தயங்காமல் எழுதலாம். 300-க்கு 80 என்பது பழைய கோட்டின் புள்ளி, 400-க்கு 85 என்பது புதிய கோட்டின் புள்ளி. வெவ்வேறு கோடுகளில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இணைத்துவிட்டு அதைத் தேவைக் கோடு என்று அழைக்க முடியாது.

அழைத்தவர் ஒருவர் இருந்தார், அவர் மாணவரும் அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மூர் 1914-ல் வெளியிட்ட நூலில், ஊது உலையிலிருந்து வரும் கச்சா இரும்பின் உற்பத்தியையும் விலையையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டார். இரும்பு அதிகம் விற்ற ஆண்டுகளில் விலையும் அதிகமாக இருந்தது. மேல்நோக்கி ஏறும் புதுவகைத் தேவைக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் எழுதினார். அடுத்த ஆண்டே பிலிப் ரைட் என்ற பொருளியலாளர் தம் மதிப்புரையில் பிழையைச் சுட்டிக்காட்டினார். தொழில் செழிக்கும் ஆண்டுகளில் ரயில்பாதைக்கும் கட்டடத்துக்கும் இரும்பு வேண்டும். தேவைக் கோடு வலப்பக்கம் போகும், மந்த ஆண்டுகளில் இடப்பக்கம் வரும். இப்படித் தேவைக் கோடு முன்னும் பின்னும் நகர்ந்தபோது அது அளிப்புக் கோட்டை வெட்டிய புள்ளிகளைத்தான் மூர் இணைத்திருந்தார். அவர் கையில் கிடைத்தது ஏறக்குறைய அளிப்புக் கோடு. புள்ளிவிவரத்தைப் பொருளியலுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் மூர். அவருக்கே கால் வழுக்கிய இடம் இது என்பதால், பதினோராம் வகுப்பு மாணவர் இங்கே தடுமாறினால் அவரைக் கடிந்துகொள்ள நியாயம் இல்லை என்று நினைக்கிறேன்.

ரைட் அதோடு விடவில்லை. சந்தையில் நமக்குத் தெரிவது வெட்டுப்புள்ளிகள் மட்டுமே. அப்படியிருக்கத் தேவைக் கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்குபவரைத் தொடாமல் விளைச்சலை மட்டும் தாக்கும் காரணம் ஒன்றைத் தேட வேண்டும் என்று 1928-ல் வந்த அவர் நூலின் பின்னிணைப்பு விளக்கியது. மழையும் பனியும் அப்படிப்பட்டவை. அளிப்புக் கோடு மட்டும் நகரும்போது வெட்டுப்புள்ளிகள் எல்லாம் ஒரே தேவைக் கோட்டின் மேல் விழும். உறைபனிக் கேள்வியில் மாணவர் போடும் பென்சில் கோடும் ஆய்வாளரின் இந்த முறையும் ஒரே தர்க்கத்தில் நிற்கின்றன.

இதிலிருந்து தேர்வறைக்கு உதவும் குறிப்பு ஒன்று கிடைக்கிறது. விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில் போனால் முக்கியமாக நகர்ந்தது அளிப்புக் கோடு. தேவைக் கோட்டின் மேல் நகர்வு. இரண்டும் ஒரே திசையில் போனால் முக்கியமாக நகர்ந்தது தேவைக் கோடு. 'முக்கியமாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்து நகரும் சந்தைகளும் உண்டு.

அதற்கும் 1975-ஐயே பார்க்கலாம். பனி விழுந்தபோது அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி ஏற்கெனவே பறித்தாகிவிட்டது. கெட்டது அடுத்த ஆண்டு வரவேண்டிய காய்ப்பு. ஆனாலும் செய்தி பரவியதுமே விலை ஏறத் தொடங்கியது. கிடங்கில் கொட்டை குறையாதபோதே ஏன்? நாளை விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் வாங்குபவர் இன்றே கூடுதலாக வாங்கி வைப்பார். இன்றைய தேவைக் கோடு வலப்பக்கம் நகரும். விற்பவர் இன்று விற்காமல் நிறுத்தி வைப்பார். இன்றைய அளிப்புக் கோடு இடப்பக்கம் நகரும். ஆகவே 'விளைச்சல் குறைந்துவிட்டது' என்று வினா சொன்னால் ஒரு விடை. 'அடுத்த ஆண்டு விளைச்சல் குறையும் என்று செய்தி வந்திருக்கிறது, இன்றைய சந்தையில் என்ன நடக்கும்?' என்று கேட்டால் வேறு விடை. இன்றைய விலை அச்சில் இருக்கிறது. நாளைய விலை அச்சில் இல்லை.

1977 தொடக்கத்தில் நியூயார்க் நகரின் நுகர்வோர் விவகார ஆணையர் எலினார் குகன்ஹைமர் காப்பியைப் புறக்கணிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். இது நகர்வா, இடப்பெயர்வா? நல்ல வகுப்பில் இது அரை மணி நேர விவாதத்துக்குத் தாங்கும். விலை கட்டுப்படியாகாமல் மூன்று கோப்பையை இரண்டாக்கியவர் கோட்டின் மேல் நகர்ந்தார். 'இவர்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும், என்ன விலையானாலும் வாங்க மாட்டேன்' என்று சபதம் எடுத்தவரின் பட்டியலே மாறிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் காப்பியைக் குறைத்தவர்கள்தான். பழைய விலையைத் திரும்பச் சொன்னால் மட்டுமே வேறுபாடு தெரியும். இப்படி இரண்டுக்கும் இடம் கொடுக்கும் நிகழ்ச்சியை ஒற்றை விடைக் கேள்வியாகக் கேட்பது நியாயமல்ல. வினா தயாரிக்கும் ஆசிரியர்கள் விலை மாறியதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தப் பாடத்தில் இப்போது பயிற்சி எடுப்பவர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல கேள்வி இருக்கிறது. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. உள்நாட்டு விலை இறங்க, நகைக்கடைகளுக்குக் கூடுதல் ஆட்கள் வந்தார்கள். அட்சய திருதியை அன்றும் நகைக்கடைகளில் கூட்டம் முண்டியடிக்கிறது. இரண்டு நாட்களுக்கும் தனித்தனியே படம் வரைந்து பாருங்கள். முதலாவதில் அளிப்புக் கோடு கீழிறங்குகிறது, தேவைக் கோட்டின் மேல் நகர்வு. இரண்டாவதில் தேவைக் கோடே வலப்பக்கம் போகிறது. வரி குறைந்த வாரத்தில் 'விலை மறுபடி ஏறிவிடுமோ' என்று அஞ்சி அவசரமாக வாங்கியவர்களை மட்டும் முதல் படத்தில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குத் தனியாக இன்னொரு கோடு வரைய வேண்டும்.